‘ஒன்ஸ்’ என்று எழுதினால் பதினொன்று என்று படிப்பவர்கள்

மூன்று மாத்திரைகள் கொண்ட அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, அந்த அம்மாள் இரண்டு கைகளின் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரலைத் தனியே நீட்டினார். “ஓந்தே, ஓந்தே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி என்னிடம் ஓடிவந்து, “அக்கா, இந்தம்மா இன்னும் பதினோரு மாத்திரை வேணும்னு கேக்குறாங்க, சீட்டுல மூணுதான இருக்கு” என்றான்.

குமுளியில் எங்கள் மருந்துக்கடை பெரியாறு சரணாலயத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் ஸ்பெயினில் விடுமுறைக் காலம் என்பதால், இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்நாட்டுக் குடும்பங்கள் வருகின்றன. அன்று வந்த அம்மாளின் கணவர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஹோம்ஸ்டே அறையில் படுத்திருந்தார். மருத்துவர் மூன்று மருந்துகள் எழுதியிருந்தார்: அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று வீதம் 3 நாள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், நீரிழப்புக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். மதியம் மருந்து கொடுத்த தம்பி, வழக்கம்போல உறையின்மேல் ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ் டெய்லி’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். அந்த ‘ஒன்ஸ்’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகளும் மாறாமல் அப்படியே ஸ்பானிய மொழியிலும் ஒரு சொல்லாக இருக்கின்றன. அதை அவர்கள் ‘ஓந்தே’ என்று படிப்பார்கள், பொருள் பதினொன்று.

ஒரு நாளைக்குப் பதினொன்று, மூன்று நாளைக்கு முப்பத்து மூன்று. கையில் இருந்ததோ மூன்று. ஒன்று கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், அல்லது பதினோரு மாத்திரை விழுங்கவேண்டிய அளவுக்குக் கணவருக்கு ஏதோ கொடிய நோய் வந்திருக்கிறது என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். அட்டையில் மூன்றே மாத்திரைகள் இருந்ததால்தான் அவர் எழுந்து கடைக்கு வந்தார். அதே சொல்லை முப்பது மாத்திரை உள்ள இரத்த அழுத்த மருந்தின்மேல் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைய வாழும் அமெரிக்காவில், இந்த ஒரு சொல்லைப் பற்றி மருந்தாளுநர்களுக்குத் தனியாகவே எச்சரிக்கை சொல்வது வழக்கம். சுற்றுலா ஊரில் கடை வைத்திருக்கும் நமக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

இந்த விடுமுறைக் காலத்தில் இப்படி நடப்பது இது முதல்முறை அல்ல என்பதால்தான் எழுதுகிறேன். தோல் வெளுத்திருந்தால் ஆங்கிலம் தெரியும் என்ற நம்பிக்கை குமுளியிலும் மூணாறிலும் பாலக்காட்டிலும் நம் மருந்துக்கடைகளில் வேரோடிப் போயிருக்கிறது. தெரியும்தான், சாயா குடிக்கவும் படகுச் சீட்டு வாங்கவும் போதுமான அளவுக்குத் தெரியும். மருந்தின் அளவைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் வேறு. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பாட்டிக்குக் கடைத்தெரு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனால் அவரிடம் மலையாளத்தில் அச்சடித்த மருந்துக் குறிப்பைக் கொடுத்துவிட்டு ‘புரிந்ததா’ என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், வீட்டில் பேரனைக் கேட்பார். அந்தப் பாட்டிக்காக நாம் தமிழில் இரண்டு முறை சொல்கிறோம். ஸ்பெயினிலிருந்து வந்தவருக்கு மட்டும் அதே ஆங்கிலத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறோம். அவருக்குக் காது கேட்காமல் போகவில்லை. சத்தம் கூடக் கூட அவர் பதற்றம்தான் கூடுகிறது. பதற்றத்தில் ‘ஸீ, ஸீ’ என்று ஆமோதித்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த ‘ஸீ’ என்ற சொல்லை ‘புரிந்தது’ என்று எடுத்துக்கொள்வதைப்போல ஆபத்தான பழக்கம் நம் தொழிலில் வேறு இல்லை.

எனக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது. வழிகாட்டியாக வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம், மருந்து சொல்வதற்குத் தேவையான நாற்பது ஐம்பது சொற்களை மட்டும் கற்றுக்கொண்டேன். அந்த அம்மாளிடம் முதலில் “த்ரான்கீலா, ஸென்யோரா” என்றேன். பதற வேண்டாம் அம்மா என்று பொருள். பிறகு உறையில் இருந்த சொல்லை அடித்துவிட்டு, “ஊனா பஸ்தீயா அல் தீயா” என்று சொன்னேன்: நாளுக்கு ஒரு மாத்திரை. “ஓய் ஊனா, மன்யானா ஊனா, பஸாதோ மன்யானா ஊனா”: இன்று ஒன்று, நாளை ஒன்று, நாளை மறுநாள் ஒன்று. சொல்லச் சொல்ல அட்டையில் இருந்த மூன்று மாத்திரைகளின்மேலும் ஒவ்வொரு நாளின் தேதியைப் பேனாவால் எழுதினேன். மூன்றாவது தேதி எழுதியபோதுதான் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

‘மன்யானா’ என்ற சொல்லுக்கு ‘நாளை’ என்றும் ‘காலை’ என்றும் இரண்டு பொருள் உண்டு. ஆகவே அதைத் தனியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். தேதியையோ மணியையோ சேர்த்தே சொல்லுங்கள்.

பாராசிட்டமாலுக்கு வந்தபோது இன்னொரு பயம் வெளிப்பட்டது. மருத்துவரின் சீட்டில் அதற்கு நேராக எஸ்.ஓ.எஸ். என்று இருந்தது. தேவைப்பட்டால் மட்டும் என்பது நமக்குத் தெரிந்த பொருள். இலத்தீன் சொற்றொடரின் சுருக்கம் அது. ஆனால் மருத்துவம் படிக்காத எந்த நாட்டவருக்கும் அந்த மூன்று எழுத்துகள் கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக் குறி. கணவரின் சீட்டில் மருத்துவரே அபயக் குறி போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று ஒரு மனைவி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? “ஸோலோ ஸி தியேனே ஃபியேப்ரே”, காய்ச்சல் இருந்தால் மட்டும் என்று சொல்லி, ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் 6 மணி நேரம் இடைவெளி, நாளுக்கு 4 மாத்திரைக்கு மேல் கூடாது என்று கடிகாரப் படம் வரைந்து காட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஏதாவது போட்டாரா? ஸ்பெயினில் 1 கிராம் பாராசிட்டமால் மாத்திரை மிகச் சாதாரணம். அங்கே ஹெலோகாதில், தெர்மால்ஹின் என்ற பெயர்களில் விற்பதும் பாராசிட்டமால்தான். பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல்வரம்பு 4 கிராம். காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடப்பவருக்கு அதையும் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். உள்ளடக்கத்தின் பெயர் அதில் அச்சாகியிருக்கும். அந்த அம்மாள் கைப்பையிலேயே ஒரு பெட்டி இருந்தது. காலையில் ஒன்று கொடுத்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு நம் கடை மாத்திரையும் கொடுத்திருக்கிறார். இடைவெளி போதுமானதாக இருந்ததால் கவலை இல்லை. இனி இரண்டில் ஒன்றை மட்டும் என்று சொல்லி, அவருடைய பெட்டியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி ஒதுக்கிவைக்கச் சொன்னேன்.

சொல் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது முந்தைய ஆண்டு வந்த ஓர் இளைஞர். பல் வீக்கத்துக்கு அவருக்கு அமாக்சிசிலின் கிளாவுலனேட், காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், 5 நாளைக்கு 10 மாத்திரை. நான் பெருமையாக “தெஸ்புவேஸ் தே லா கொமீதா” என்று சொல்லிக் கொடுத்தேன். ‘கொமீதா’ என்றால் சாப்பாடு என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஆனால் ஸ்பெயினில் அதே சொல் குறிப்பாக மதிய உணவையும் குறிக்கும். ஐந்தாம் நாள் வீக்கம் குறையவில்லை என்று அவர் திரும்பி வந்தபோது, அட்டையில் ஐந்து மாத்திரைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறார். பிழை முழுவதும் என்னுடையது. அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டேன். ‘தெஸாயூனோ’ காலை உணவு, ‘தேனா’ இரவு உணவு என்று வேளையின் பெயரையே சொல்கிறேன். அதிலும், அவர்கள் ஊரில் மதியச் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது பத்து மணிக்கு. இங்கே ஹோம்ஸ்டேயில் ஏழரைக்கே இலை போட்டுவிடுகிறார்கள். ஆகவே எத்தனை மணிக்குச் சாப்பிடப்போகிறீர்கள் என்று கேட்டு, அந்த மணியையே உறையில் எழுதுகிறேன்.

எண் எழுதும்போதும் கவனம் தேவை. அவர்கள் கையால் எழுதும் ஒன்றின் தலையில் நீளமாக ஒரு கோடு சாய்ந்திருக்கும். நம் ஏழு அவர்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். அவர்கள் ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். நாமும் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர் தண்ணீர். கடையிலிருந்து ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியை எடுத்துக் காட்டி, “தோதோ எல் ஸோப்ரே, ஊன் லித்ரோ”, பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டரில் என்று சொல்லுங்கள். டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

தயவுசெய்து, நாற்பது சொல் தெரிந்ததும் மருத்துவராக மாறிவிடாதீர்கள். ‘கொன்ஸ்திபாதோ’ என்று ஒரு ஸ்பெயின்காரர் சொன்னால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலச் சாயலை நம்பி மலமிளக்கி எடுத்துக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலத்தில் இரத்தம், அதாவது ‘ஸாங்ரே’ என்ற சொல் காதில் விழுந்தாலோ, இதயத்துக்கு வேறு மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தாலோ, பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக அந்த அம்மாளிடம் ‘புரிந்ததா’ என்று நான் கேட்கவில்லை. “குவாந்தாஸ் பா ஆ தொமார் ஓய்?” என்று கேட்டேன்: அவர் இன்று எத்தனை மாத்திரை போடப்போகிறார்? அந்த அம்மாள் அசித்ரோமைசின் அட்டையை எடுத்து, இன்றைய தேதி எழுதிய மாத்திரையைத் தொட்டு, ஒரு விரலை மட்டும் காட்டி, “ஊனா. தெஸ்புவேஸ் தே லா தேனா. ஆ லாஸ் ஓச்சோ” என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், எட்டு மணிக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழே கால் ஆகியிருந்தது. குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். தம்பி அன்றிரவே கடையில் இருந்த உறைகளை எல்லாம் எடுத்துவைத்து, ‘ஒன்ஸ்’ என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தவற்றைக் கிழித்துப் போட்டான்.