மைக் இல்லாமல் ஒரு பாட்டு

யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கத்து மண்டபம் ஒன்றில் கலியாண வரவேற்பு. சாப்பாடு தொடங்கிவிட்டது, மேடையில் இசைக்குழு உச்சத்தில் இருக்கிறது. பாடகருக்கு விருப்பப் பாடல் கேட்டுச் சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. அது வழமைதான். ஆனால் அன்று ஒரு முதியவர் சீட்டு எழுதாமல் தானே மேடையோரம் வந்து நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனோடு அந்தக் காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். இரண்டு காதிலும் கேட்டல் கருவி.

அவர் சொன்னது பாடகருக்கு விளங்கவில்லை. குனிந்து கேட்டும் விளங்கவில்லை. கடைசியில் கீபோர்ட் வாசிப்பவர்தான் கேட்டுச் சொன்னார்.

"தம்பி, மைக்கும் பெட்டியும் நிப்பாட்டிப்போட்டு ஒரு பாட்டுப் படிப்பியளோ? எனக்கு எல்லாம் இரைச்சலாத்தான் கேக்குது. சொல் ஒண்டும் பிடிபடேல்லை."

குழு கொஞ்சம் தயங்கியது. மாப்பிள்ளையின் தகப்பன் தலையாட்டியதும் பெட்டிகளை நிறுத்தினார்கள். பாடகர் கீழே இறங்கி, முதியவரின் கதிரைக்கு எதிரே நின்று ஒரு பழைய மெல்லிசைப் பாட்டைப் பாடினார். முடிந்ததும் முதியவர் ஏதோ சொன்னார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாடகருக்கு மட்டும் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. குரல் கேட்டது, வாய் அசைவது தெரிந்தது, சொல் வரவில்லை. பெட்டிகள் ஓய்ந்த அந்த நேரத்தில் இடக்காதுக்குள் சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருப்பதையும் அவர் கவனித்தார்.

அடுத்த நாள் அந்தப் பாடகர் என்னிடம் வந்தார். நான் கேட்டல் பரிசோதனை செய்பவன். இதை எழுத அவருடைய சம்மதம் உண்டு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒவ்வொரு சுருதியிலும் காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எத்தனை டெசிபல் என்று காட்டும் கோட்டு வரைபடம்தான் ஓடியோகிராம்; கேட்டல் குறையக் குறைய டெசிபல் கூடும், கோடு கீழே இறங்கும். அன்று எடுத்த ஓடியோகிராமை நான் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய சத்தத்தில் பல மணி நேரம் இருந்த காது அடுத்த நாள் தற்காலிகமாக மந்தமாகத்தான் இருக்கும். பஞ்சு அடைத்தது போன்ற உணர்வும் இரைச்சலும் ஒரு நாளில், சில வேளை இரண்டு நாளில் அடங்கும். அதனால் நிகழ்ச்சி இல்லாத வாரநடுவில், முதல் நாள் முழுக்க அமைதியாக இருந்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டாவது பரிசோதனையில் தாழ்ந்த சுருதிகள் எல்லாம் இயல்பான அளவுக்குத் திரும்பியிருந்தன. 4000 ஹேர்ட்ஸில் மட்டும் பள்ளம் அப்படியே நின்றது. இடக்காதில் 50 டெசிபல், வலக்காதில் 35. 8000 ஹேர்ட்ஸில் கோடு மறுபடி மேலே ஏறியது.

இந்த வடிவத்தைப் பார்த்தால் சத்தத்தால் வந்த பாதிப்பு என்றே முதலில் எண்ணுவோம். வெளிக்காதின் குழாய் இயல்பாகவே 3000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்குச் சற்று மேலான பகுதியில்தான் உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் முதலில் அடிபடுகின்றன. வயதால் வரும் குறைவு என்றால் 8000இல் ஏறாமல் இறங்கிக்கொண்டே போயிருக்கும். எங்கள் ஊரில் இன்னொன்றையும் கேட்டே ஆகவேண்டும்: சிறுவயதில் ஷெல் பக்கத்தில் விழுந்ததா? வெடிச்சத்தமும் இதே மாதிரிப் பள்ளத்தை விட்டுப்போகக்கூடும். அவருக்கு அப்படி ஏதும் நடக்கவில்லை. ஆனால் அவர் பாடும் இடத்துக்கு இடப்பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ட்ரம்ஸின் சிம்பல் தட்டு இருந்தது. இடக்காது கூடுதலாகப் பாதிக்கப்பட்டதற்கு அதுவே பொருத்தமான காரணம்.

"அப்ப நான் எப்பிடிச் சுருதி பிசகாமல் பாடுறன்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டின் சுரங்கள் பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் நிற்கின்றன. அங்கே அவருடைய காது நல்ல நிலையில் இருக்கிறது. பழுதானது மெய்யெழுத்துகளின் கூர்மை கேட்கும் பகுதி. 'காசு' என்றால் 'சு'வில் வரும் மெல்லிய சீறல் அங்கேதான் இருக்கிறது. அது போனால் காசும் காதும் ஒன்றாகிவிடும். சுருதி கேட்கிறது, தாளம் கேட்கிறது, ஆகவே காது நன்றாக இருக்கிறது என்று பாடகர்கள் நம்பிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் தெரியாமலே போவது இதனால்தான். வீட்டில் மனைவி சொன்னது விளங்காதபோது, அவர் வாய்க்குள் முணுமுணுக்கிறார் என்று இவர் நினைத்திருந்தார். மேடையில் தன் குரல் தனக்குக் கேட்க முன்னால் வைத்திருக்கும் மொனிட்டர் பெட்டியை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூட்டச் சொல்லி வந்திருக்கிறார். இரண்டுமே முன்னறிகுறிகள்.

முதியவரின் கோரிக்கைக்கும் இதே விளக்கம்தான். ஆலை இரைச்சலில் கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. பெரிய ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். இடையில் இருக்கும் வசதியான அளவு மிகவும் ஒடுங்கிப்போகும். கருவி அந்த ஒடுங்கிய இடத்துக்குள் எல்லா ஒலியையும் அமுக்கித் தரப் பார்க்கிறது. பேச்சுக்கு அது உதவும். பெட்டி அலறும் மண்டபத்தில், வெறும் சுவரிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பும் ஒலியோடு சேர்ந்து, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். ஒரு குரல், சில அடி தூரம், எதிரே தெரியும் முகம் என்று அவர் கேட்டது கருவி போட்ட காதுக்கு மிகச் சரியான ஏற்பாடு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 85 டெசிபலில் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழில்சார் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. 100இல் பதினைந்து நிமிடம்தான். மூடிய மண்டபத்தில், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், 100 என்பது அபூர்வமான அளவே இல்லை. அங்கே மூன்று மணி நேரம் பாடுகிறவர் ஒரு நாளுக்குரிய அளவைப் போல பன்னிரண்டு மடங்கை ஒரே இரவில் வாங்கிக்கொள்கிறார்.

அழிந்த மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றைத் திருப்பித் தரும் மருந்தும் இல்லை. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முடியும். பஞ்சு வைப்பதால் பயன் இல்லை. கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் உயர்ந்த சுருதிகளைக் கூடுதலாக விழுங்கிவிடும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும் என்று பாடகர்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. சரியாகப் பொருந்திய 15 டெசிபல் அடைப்பான் 100ஐ 85 ஆக்கும். பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகிவிடும்.

முதல் சில நிகழ்ச்சிகளில் அவர் சிரமப்பட்டார். காதை அடைத்தால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும், பாடுகிறவருக்கு அது பெரிய தொல்லை. காதுக்குள் ஆழமாக இறங்கும்படி அச்செடுத்துச் செய்தபின் அது குறைந்தது. ட்ரம்ஸைப் பின்னுக்குத் தள்ளி, சிம்பலை அவர் காதின் மட்டத்திலிருந்து இறக்கினார்கள். மொனிட்டரைக் குறைத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த ஓடியோகிராமில் 4000இல் அதே 50, அதே 35. கூடவில்லை. ரீங்காரம் இன்னும் இருக்கிறது. இரவில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்.

அந்த முறை அவர் தனியாக வரவில்லை. ட்ரம்ஸ் அடிக்கும் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். இருபத்து நான்கு வயது, எந்த முறைப்பாடும் இல்லை. இரண்டு காதிலும் 4000இல் கோடு 25 டெசிபலுக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. அன்றே அவருடைய காதுக்கும் அச்செடுத்தோம்.