சப் ஜூடிஸ் என்று செய்தி வந்துவிட்டால் வீட்டுத் தூண் பத்திரமா?

நீதிமன்றச் செய்திகளில் சப் ஜூடிஸ், புரோ போனோ என்று இரண்டு லத்தீன் தொடர்கள் அடிக்கடி வரும். முதலாவதைப் பார்த்தால் 'இனி யாரும் அந்தச் சொத்தில் கை வைக்க முடியாது' என்றும், இரண்டாவதைப் பார்த்தால் 'வழக்கே இலவசம்' என்றும் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அப்படி இல்லை.

காரைக்குடி வட்டாரத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவனுக்குப் பொது வீட்டுப் பாகப்பிரிவினை பழகிப்போன விஷயம். அப்படி ஒன்றில் பங்குதாரரான ஒரு ஆச்சி, வீட்டு விவகாரம் சப் ஜூடிஸ் என்று பேப்பரில் வந்த துணுக்கோடு என்னிடம் வந்தார். "கோர்ட்டுல இருக்குன்னு போட்டுட்டாங்களே தம்பி, இனிமே பங்காளி எதையும் விக்க முடியாதுல்ல?" என்றார். "தடை உத்தரவு ஏதும் வாங்கியிருக்கீங்களா ஆச்சி?" என்று கேட்டேன். இல்லை. வழக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

சப் ஜூடிஸ் என்றால் விஷயம் நீதிமன்றத்தின் முன் நிலுவையில் இருக்கிறது, அவ்வளவுதான். வழக்கு நடக்கும்போது ஒருவர் தன் பங்கை விற்றால் என்ன ஆகும் என்பதைச் சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 52-ஆம் பிரிவு சொல்கிறது. விற்பனை செல்லாது என்று அது சொல்லவில்லை. வாங்கியவர் கடைசியில் வரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது. மனுவைத் தாக்கல் செய்த நாளிலிருந்தே இது பொருந்தும், வாங்கியவர் எனக்கு வழக்கு இருப்பதே தெரியாது என்று சொன்னாலும் எடுபடாது.

ஆனால் இந்தப் பிரிவு காப்பது நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தை. பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் வீட்டோடு இருக்கும்வரை வீட்டின் பகுதி. ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி லாரியில் ஏற்றி பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் அது அசையும் பொருள், நாலு கை மாறியபின் 52-ஆம் பிரிவைக் காட்டி அதைத் தேட முடியாது. எங்கள் ஊர் வழக்குகளில் மண்ணைவிட மரம்தான் முதலில் போகும். அதனால் ஆச்சிக்கு இரண்டு மனுக்கள் போட்டோம். ஒன்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளைப்படி, வீட்டைச் சேதப்படுத்தவோ விற்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேட்டு. இன்னொன்று, 26-ஆவது கட்டளைப்படி வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி முகப்பிலிருந்து பின்கட்டு வரை தூண், கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் படத்தோடு அறிக்கை தரச் சொல்லி. தடை உத்தரவு கிடைத்தபின் அதை மீறினால்தான் 'மீறல்' என்ற பேச்சே வரும். வெறும் சப் ஜூடிஸை மீறினார் என்று யாரையும் பிடிக்க முடியாது.

வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று. வழக்கு போட்டது மட்டும் வில்லங்கச் சான்றில் தானாக ஏறிவிடாது. services.ecourts.gov.in தளத்தில் மாவட்டமும் நீதிமன்ற வளாகமும் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் மாறினால் வழக்கு கண்ணில் படாது, முன்னெழுத்தை மாற்றியும் தேட வேண்டும்.

சப் ஜூடிஸைக் கேடயமாகப் பிடிக்கிற பழக்கமும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 'விவகாரம் சப் ஜூடிஸ்' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். சட்டத்தின் 8(1)(b) பிரிவு, நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை செய்த தகவலையும், வெளியிட்டால் அவமதிப்பாகக்கூடியதையும்தான் விலக்குகிறது. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் காரணமாகாது, முதல் மேல்முறையீட்டில் அதையே எழுதுங்கள்.

சரி, புரோ போனோ. வழக்கறிஞர் தன் ஊதியத்தை வாங்கவில்லை என்பதோடு அதன் வேலை முடிந்தது. நீதிமன்றக் கட்டணம், ஆணையர் செலவு, நகல் செலவு எல்லாம் கட்சிக்காரர் தலையில்தான். பாகப்பிரிவினையில் நீங்கள் கூட்டு அனுபவத்தில் இருந்தால் கட்டணம் சிறிய நிலைத்தொகை. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவராக இருந்தால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பங்கு 40 லட்சம் என்றால் 1,20,000 ரூபாய். வக்கீல் சும்மா வருகிறார் என்று நம்பி வந்தவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்பார்கள்.

சட்ட உதவி இதிலிருந்து வேறு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்ட சட்டப் பணிகள் குழு வழக்கறிஞரை நியமித்து அவருக்கு ஊதியம் தரும், நீதிமன்றக் கட்டணத்தையும் ஏற்கும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. எங்கள் ஆச்சிமார் பலருக்கு இது தெரியாது. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. 'இப்போ பணம் வேண்டாம், ஜெயிச்சா பங்கு கொடுங்க' என்று ஒருவர் சொன்னால் அது புரோ போனோவும் இல்லை, சட்ட உதவியும் இல்லை. வழக்கின் பலனில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.