"ரேட் அதிகம், ஏரியாவில் தண்ணீர் நிற்கும்": வீடு காட்டும் நாளுக்கு முன் செய்யவேண்டிய வேலை

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டை விற்றுக்கொடுக்கச் சொல்லி ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். 2013இல் கட்டிய வீடு, ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம், 1,020 சதுர அடி. எழுபது லட்சம் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓபன் ஹவுஸ் வைத்தேன். வீட்டைத் துடைத்து, திரையெல்லாம் மாற்றி, எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தோம். பத்தொன்பது குடும்பங்கள் வந்தன. ஒருவர்கூட விலை கேட்டுத் திரும்பக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் இரண்டே விஷயங்களைத்தான் சொல்லியிருந்தார்கள். "இன்னும் ரெண்டு லட்சம் போட்டா பக்கத்துத் தெருவுலயே புது ஃப்ளாட் கிடைக்குதே சார்" என்பது ஒன்று. "மடிப்பாக்கம்னா மழைக்குத் தண்ணி வருமே" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நான் வாயால் பதில் சொல்லியிருந்தேன், நன்றாகவே சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் வீடு விற்பவன் வாயால் சொல்லும் எதையும் வாங்க வருபவர் நம்புவதில்லை, நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவர் கண்ணால் பார்த்து, கையால் அளந்து, வேறு ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி நான் எதையுமே ஏற்பாடு செய்யவில்லை. தப்பு அங்கேதான்.

இரண்டாவது ஓபன் ஹவுஸுக்கு முன் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். முதல் வேலை விலை. "ரேட் அதிகம்" என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று, பக்கத்துப் புது வீட்டோடு ஒப்பிடுவது. மற்றொன்று, கையில் இருக்கும் ரொக்கம் போதாமல் இருப்பது. இரண்டாவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், "ரேட் அதிகம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் பதிலும் இரண்டு விதமாக வேண்டும்.

முதல் கணக்குக்கு, அவர்கள் சொன்ன அந்தப் புது ஃப்ளாட்டையே போய்ப் பார்த்தேன். அதுவும் 1,020 சதுர அடி, விலை 72 லட்சம். ஆனால் 1,020 என்பது சூப்பர் பில்டப். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கு அதில் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, அங்கே 710 சதுர அடி, எங்கள் வீட்டில் 780. நிலத்தில் வரும் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூடிஎஸ், அங்கே 390 சதுர அடி, எங்கள் பத்திரத்தில் 540. காகிதத்தில் ஒரே அளவாகத் தெரியும் இரண்டு வீடுகளுக்குள் ஒரு சின்ன அறை அளவுக்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

அடுத்து, மொத்தச் செலவு. கட்டி முடித்த சான்றிதழ் வருவதற்கு முன் வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு இந்த விலையில் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கைமாறும் பழைய வீட்டுக்குக் கிடையாது. இதை எல்லா மீடியேட்டர்களும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது பத்திரச் செலவு. 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை, முத்திரைத்தாள் 5 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். பழைய வீட்டுக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும். ஆக பழைய வீடு வாங்குபவர் பதிவில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார். ஜிஎஸ்டி மிச்சத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை மறைத்தால், வங்கியில் வேலை பார்க்கும் மச்சான் ஒருவர் வீட்டில் இருந்து அன்று இரவே கண்டுபிடித்துவிடுவார். அதோடு நாம் சொன்ன மற்ற உண்மைகளும் போச்சு.

ரொக்கக் கணக்குக்காக, உரிமையாளர் செலவிலேயே வங்கிகளின் பட்டியலில் இருக்கும் ஒரு மதிப்பீட்டாளரை முன்கூட்டியே வரவழைத்தேன். அவர் போட்ட மதிப்பு 67 லட்சம். உரிமையாளருக்கு முகம் வாடிவிட்டது. "அய்யா, எழுபதுக்கு ஒருவர் ஒத்துக்கொண்டாலும் வங்கி 67க்குத்தான் கடன் தரும், மீதியை அவர் கையிலிருந்து போட வேண்டும், அந்த இடத்தில்தான் வியாபாரம் உடையும்" என்று சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு 68க்கு இறங்கினார். நல்ல ஓபன் ஹவுஸ் நடத்தினால் தப்பான விலையையும் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன், முடியாது. விலையை முதலில் சரி செய்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதினேன். எங்கள் வீடு: விலை 68 லட்சம், பத்திரம் பதிவு 6.12 லட்சம், என் கமிஷன் 68 ஆயிரம், பெயிண்ட், பாத்ரூம் குழாய், சமையலறை வேலைக்கு 2.70 லட்சம், மொத்தம் 77.50 லட்சம். புது வீடு: விலை 72, ஜிஎஸ்டி 3.60, பத்திரம் பதிவு 5.04, மொத்தம் 80.64 லட்சம். கார்பெட் ஏரியாவால் வகுத்தால் எங்களுடையது சதுர அடிக்கு 9,936 ரூபாய், அது 11,358. கீழே ஒரு வரி: "புது வீட்டுக்குக் கட்டி முடித்த சான்றிதழ் வந்துவிட்டால் ஜிஎஸ்டி கிடையாது, அப்போது 10,851." நமக்கு எதிரான அந்த வரியையும் நாமே எழுத வேண்டும். தாளின் பின்பக்கம் ரொக்கம்: மதிப்பில் 80 சதவீதம் கடன் கிடைத்தால் 53.60 லட்சம், கையிலிருந்து 14.40 லட்சம், அதற்கு மேல் பதிவும் கமிஷனும் சேர்த்து 6.80, ஆக 21.20 லட்சம் தேவை. வேலைகளுக்கான பணம் தனி. பதினாலு லட்சத்தோடு வந்தவர் இதைப் பார்த்தால் திரும்பிவிடுவார்தான். முன்பணம் கொடுத்த பிறகு திரும்புவதை விட அது எவ்வளவோ மேல்.

இனி நடக்க வைக்கும் வழி. முதல் முறை எல்லோரையும் நேரே வீட்டுக்குள் அழைத்துப்போய், பால்கனியில் நிறுத்தி, அப்புறம் கேள்விக்குப் பதில் சொன்னேன். இந்த முறை மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டு, நாலு நாலு பேராக, அங்கிருந்து நடத்தியே கூட்டி வந்தேன். எத்தனை நிமிடம் என்று அவர்கள் போனில் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஏழு நிமிடம் வந்தது. "மெட்ரோ எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டார். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடம் இந்தப் பக்கமாக வருகிறது, வேலை நடக்கிறது, ஆனால் அதற்காக இப்போது ஒரு ரூபாய்கூட நான் விலையில் சேர்க்கவில்லை, இன்று இருக்கும் பஸ்ஸையும் வேளச்சேரி ரயிலையும் வைத்தே முடிவு செய்யுங்கள் என்றேன்.

தண்ணீர் விஷயத்தைத் தெருவிலேயே, வீட்டு வாசலுக்கு முன் எடுத்தேன். உள்ளே போன பிறகு அந்தக் கேள்வி மனதில் அரித்துக்கொண்டே இருக்கும், சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணில் படாது. கேட் தூணில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருந்தேன். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். கோட்டை நான் என் இஷ்டத்துக்குப் போடவில்லை. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவையும் வாட்ச்மேன் அண்ணனையும் தனித்தனியாகக் கேட்டு, இருவரும் கை வைத்துக் காட்டிய இடத்தில் போட்டது. 2015இல் தொடை உயரம், 2023இல் முழங்காலுக்குச் சற்று மேல். இரண்டு முறையும் ஸ்டில்ட்டுக்குள் தண்ணீர் வந்தது, லிஃப்ட் குழியும் நிறைந்தது. 2023இல் மூன்று நாள் கரண்ட் இல்லை. அதன் பிறகு குடியிருப்போர் சங்கத்தில் காசு போட்டு மீட்டர் போர்டைத் தலை உயரத்துக்கு ஏற்றினார்கள், சம்ப் மூடியை உயர்த்திக் கட்டினார்கள். போர்டு பழைய இடத்தில் இருந்ததற்கான ஸ்க்ரூ ஓட்டைகள் சுவரில் இன்னும் தெரியும், அதையும் காட்டினேன். "மழை எச்சரிக்கை வந்தால் காரை மேடான இடத்தில் நிறுத்த வேண்டும், அது இந்த வீட்டோடு வரும் ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றேன். தையல் அக்காவிடம் அவர்களே பேசட்டும் என்று.

இது பயமுறுத்துமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு குடும்பங்கள் வாசலோடு போய்விட்டன. ஆனால் அவர்கள் முதல் மழைச் செய்தி பார்த்ததும் எப்படியும் போயிருப்பார்கள். மேலே வந்தவர்களின் கேள்விகள் மாறிவிட்டன. "தண்ணி வருமா?" என்பது போய், "ஸ்டில்ட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணாங்க, சங்கத்துல பணம் இருக்கா?" என்று கேட்டார்கள். வாங்க நினைப்பவர் கேட்கும் கேள்வி அது. சங்கத்தின் கணக்கு நோட்டும் லாரித் தண்ணீர் ரசீதுகளும் ஹாலில் மேஜை மேலேயே இருந்தன. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மாதத்துக்கு எத்தனை லாரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு விழுந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் நான் சொன்னது ஒன்றே ஒன்று. டேப்பை நீட்டி, "பெரிய பெட்ரூமை நீங்களே அளந்து பாருங்கள்" என்றேன். ஒரு பள்ளி ஆசிரியை ஒரு முனையைப் பிடிக்க, அவர் மகன் மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லா அறையையும் அளந்து போனில் கூட்டிவிட்டு, "780 வரலியே, 741தான் வருது" என்றார். இதற்குத் தயாராக இருக்க வேண்டும். வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவில் அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர்களும் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. அவர் அளந்தது சுவர் இல்லாத தரை. பிளானைப் பிரித்து, உள்சுவர்களின் கனத்தைக் கூட்டிக் காட்டியதும் கணக்கு ஒத்து வந்தது. புது வீட்டுக்கும் இதே டேப்பை எடுத்துப் போங்கள் என்று தாளோடு அனுப்பினேன்.

அன்று வந்தது பதினொரு குடும்பம்தான். நேரத்தையும் மாற்றியிருந்தேன், சாயங்காலம் நாலு முதல் ஆறரை. மேற்கு வெயில் சின்ன பெட்ரூமில் அடிக்கும், அந்தச் சூட்டையும் அவர்கள் அங்கேயே உணரட்டும் என்றுதான். வெயில் விஷயத்தை மூன்று பேர் சொன்னார்கள், அதற்கு என்னிடம் ஏசியைத் தவிர வேறு பதில் இல்லை, அப்படியே ஒத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆசிரியையின் கணவர் கூப்பிட்டார். புது ஃப்ளாட்டைப் போய் அளந்தார்களாம், மாஸ்டர் பெட்ரூமில் கட்டில் போட்டால் பீரோ கதவு திறக்காது என்று சிரித்தார். 65 என்று ஆரம்பித்தார். வெயில், லிஃப்ட்டின் வயது, ஸ்டில்ட் தரை, எதையும் நான் மறுக்கவில்லை. மதிப்பீட்டாளரின் அறிக்கை இருவர் கையிலும் இருந்ததால் பேச்சு அதைச் சுற்றியே நடந்தது. 67க்கு முடிந்தது. அவருடைய வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் 67ஐ ஒட்டியே போட்டதால் கடனில் இழுபறி இல்லை.

கேட் தூணில் இருந்த சாக்பீஸ் கோட்டை வாட்ச்மேன் அண்ணன் அழிக்கவில்லை. இப்போது அதன் மேல் பெயிண்ட் அடித்து, ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.