நகராத விலைக்கும் விரியும் பட்டை

விலை வரைபடங்களுக்காகச் செஸ்டர் கெல்ட்னர் 1960-இல் விவரித்த சேனலில், பத்து நாள் நகரும் சராசரிக்கு மேலும் கீழும், ஒவ்வொரு நாளின் உச்ச விலைக்கும் தாழ் விலைக்கும் உள்ள இடைவெளியின் சராசரி அளவுக்குக் கோடுகள் வரையப்பட்டன. இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவம், 1978-இல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய சராசரி உண்மை வீச்சை, அதாவது ஏடிஆரை, அந்த இடைவெளிக்குப் பதிலாகக் கொள்கிறது. நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய விலை தாவித் தொடங்கினால் அந்தத் தாவலும் உண்மை வீச்சில் சேரும். அதே போன்ற இன்னொரு வரைபடக் கருவியான பொலிஞ்சர் பட்டையோ முடிவு விலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைத் திட்ட விலக்கத்தால் அளக்கிறது.

இந்த வேறுபாடு ஒரு கற்பனைக் கணக்கில் தெளிவாகும். ஒரு விலை பல வாரங்களாக நாள்தோறும் 99-க்கும் 101-க்கும் இடையே அலைந்து, சரியாக 100-இல் முடிகிறது என்று கொள்வோம். முடிவு விலை மாறவே இல்லை என்பதால் திட்ட விலக்கம் சுழியாகி, பொலிஞ்சர் பட்டை ஒரே கோடாகச் சுருங்கிவிடும். ஏடிஆர் 2 என்பதால், அதன் இருமடங்கைக் கொள்ளும் கெல்ட்னர் சேனல் 96-க்கும் 104-க்கும் இடையே நிற்கும். பொலிஞ்சர் பட்டை இவ்வாறு கெல்ட்னர் சேனலுக்குள் ஒடுங்குவதையே வர்த்தகர்கள் 'ஸ்க்வீஸ்' என்கிறார்கள்.

மறுநாள் விலை 110-க்குத் தாவி, 109-க்கும் 111-க்கும் இடையே அலைந்து, 110-இல் முடிகிறது. அன்றைய உண்மை வீச்சு 111-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளியான 11. வைல்டரின் பத்து நாள் முறையில் பழைய சராசரியின் ஒன்பது பங்கும் புதிய வீச்சின் ஒரு பங்கும் கலப்பதால் ஏடிஆர் 2.9 ஆகிறது. பிறகு விலை 110-இலேயே முன்போல் அமைதியாகத் தொடர்ந்தால், ஏடிஆர் நாளுக்கு நாள் தணிந்து, தாவல் நாளையும் சேர்த்துப் பத்தாம் நாளில் ஏறத்தாழ 2.35-க்கு இறங்கிவிடும்.

இருபது நாள் பொலிஞ்சர் பட்டையில் நடப்பது நேர்மாறானது. பத்தாம் நாளில் கணக்கில் உள்ள விலைகளில் பாதி 100, பாதி 110 என்பதால் சராசரி 105, திட்ட விலக்கம் 5. சராசரியின் இருபுறமும் திட்ட விலக்கத்தின் இருமடங்கைக் கொள்ளும் பட்டை 95 முதல் 115 வரை அகன்று தன் உச்சத்தை எட்டுகிறது. விலை அசையாத அந்த ஒன்பது நாட்களும் பட்டை விரிந்துகொண்டே இருந்தது என்பதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். அந்த அகலம் இன்றைய சலனத்தை அல்ல, ஒருமுறை நிகழ்ந்த தாவலின் எச்சத்தையே காட்டுகிறது. இருபதாம் நாளில் கடைசி 100-உம் கணக்கிலிருந்து உதிர்ந்ததும் பட்டை மீண்டும் ஒற்றைக் கோடாகும்.

சீராக ஏறும் விலையிலும் இதே இயல்பு வெளிப்படும். சராசரி பின்தங்குவதால் விலகல் பெரிதாகி, பொலிஞ்சர் பட்டை விலையைத் தனக்குள்ளேயே அணைத்துக்கொள்ளும். நாள் வீச்சு மாறாததால் கெல்ட்னர் சேனல் அகலாது, விலை அதன் மேற்கோட்டுக்கு வெளியே நாட்கணக்கில் நிற்கக்கூடும். அதை 'விலை எல்லை மீறிவிட்டது, இனித் திரும்பும்' என்று படிப்பது பிழை என்பேன். வரைபட மென்பொருளில் ஏடிஆர் வைல்டர் முறையிலா எளிய சராசரியிலா கணக்கிடப்படுகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எளிய சராசரியானால் தாவலின் தாக்கம் பத்து நாட்களும் குறையாமல் நின்று, பதினோராம் நாளில் சட்டென விழும்.