ஷோகாஸ் நோட்டீஸ்: காரணம் கேட்பு அறிவிப்பு

அனுமதி வாங்காமல் சில நாட்கள் வேலைக்கு வராதவர் கைக்கு வரும் கடிதத்தை அலுவலகத்தில் ‘மெமோ’ என்பார்கள், செய்தித்தாளில் ‘விளக்கம் கேட்டு நோட்டீஸ்’ என்று எழுதுவார்கள். இரண்டும் சற்றுத் தளர்ந்த சொற்கள். மெமோ, அதாவது குறிப்பாணை, எதற்கும் வரும். மேசையை மாற்றச் சொல்லியும் வரும். ஷோகாஸ் நோட்டீஸ் ஒரே ஒரு கேள்விக்கானது.

அது ஆங்கிலேய நீதிமன்ற வழக்கிலிருந்து வந்த சொல். அங்கே ‘ரூல் நைசை’ என்றொரு ஆணை உண்டு. ‘நைசை’ லத்தீன் சொல், பொருள் ‘இல்லாவிட்டால்’. இந்தத் தேதிக்குள் வந்து தக்க காரணம் காட்டாவிட்டால் ஆணை உறுதியாகிவிடும் என்பது அதன் உட்கிடை. ஆகவே இங்கே ‘காரணம்’ என்பது ஏன் வரவில்லை என்பதற்கான காரணம் மட்டுமன்று; உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான காரணம். தமிழில் ‘காரணம் கேட்பு அறிவிப்பு’ என்ற வழக்கே பொருத்தம். ‘விளக்கம் கேட்பு’ என்றால் நடவடிக்கை என்ற பாதி காணாமல் போகிறது. ‘குற்றச்சாட்டுக் குறிப்பாணை’ என்பதோ வேறு. விசாரணைக்காகக் குற்றச்சாட்டுகளை வகுத்துத் தருவது அது.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியருக்கு 2025 மார்ச் 8 வரை விடுப்பு. 10ஆம் தேதி, திங்கட்கிழமை, வர வேண்டியவர் 17 வரை வரவில்லை. 11ஆம் தேதி மேற்பார்வையாளருக்கு ‘காய்ச்சல், இரண்டு நாள் ஆகும்’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். பதில் போகவில்லை. 18ஆம் தேதி எழுதும் அறிவிப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“தாங்கள் 10.03.2025 முதல் 17.03.2025 வரை (வார விடுமுறையான 16.03.2025 நீங்கலாக) 7 வேலை நாட்கள் விடுப்பு அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டிலிருந்து தெரிகிறது. தாங்கள் 11.03.2025 அன்று அனுப்பிய குறுஞ்செய்திக்கு மேல் விடுப்பு விண்ணப்பமோ மருத்துவச் சான்றோ பெறப்படவில்லை. இதற்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான காரணத்தை, இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

இதனுடன் எந்தப் பணிவிதியின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். வழக்கமாகச் சறுக்குவது ‘தகவலின்றி’ என்ற ஒரு சொல்லில்தான். பழைய கடிதத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் ‘தகவலோ அனுமதியோ இன்றி’ என்று எழுதிவிடுவார்கள். இந்த ஊழியர் அந்த வாட்ஸ்அப் செய்தியை நீட்டினால் அந்த வரி பொய்யாகிவிடும், மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். தகவல் சொன்னது அனுமதி ஆகாது என்பதே நிறுவனத்தின் வாதம். அதை அப்படியே எழுதினால் போதும். ‘பல நாட்களாக’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் அதே வகைப் பிழை. எந்த நாட்கள் என்று தெரியாமல் அவர் எதற்குப் பதில் சொல்வார்?

இதைவிடக் கனமான பிழை, தீர்ப்பை முன்பே எழுதிவிடுவது. ‘வேண்டுமென்றே பணியைப் புறக்கணித்துக் குற்றம் புரிந்துள்ளீர்கள், காரணம் கூறவும்’ என்றால் கேட்பது சடங்காகிவிடுகிறது. ‘தெரிகிறது’, ‘கருதப்படுகிறது’ என்ற அளவில் நிறுத்துவது அச்சத்தால் அல்ல, முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்பதால். இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல், அனுமதியின்றி வராதது எல்லாம் வேண்டுமென்றே வராதது ஆகாது, வேண்டுமென்றே என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகவே போய்விடும் என்று நிறுவனத்தின் பணிவிதித் தொகுப்பான நிலையாணை சொன்னாலும், ஊழியருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கக்கூடாது என்பது 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

கெடு, கடிதத்தின் தேதியிலிருந்து அல்ல, அது கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடட்டும். பணிப்பதிவிலுள்ள முகவரிக்கு சேர்ப்புச் சான்று கேட்டு விரைவஞ்சலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு படி போடுவது நல்லது. உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும். மேலே அஞ்சல்காரர் எழுதிய குறிப்பே சான்று. ‘வாங்க மறுத்தார்’ என்றிருந்தால் சேர்ப்பித்ததாகக் கொள்ள இடமுண்டு. ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்றிருந்தால் அவ்வளவு எளிதல்ல, இன்னொரு முறை அனுப்புவதே பாதுகாப்பு.

பதில் எழுதுகிறவர் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்பது முதல் பாதி. 13ஆம் தேதிக்குப் பிறகு ஏன் தகவல் இல்லை, சான்றில் எந்தத் தேதிகள் இருக்கின்றன, இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா என்பவை இரண்டாம் பாதி. பதிலே வராவிட்டாலும் உடனே நீக்கல் ஆணை எழுதிவிட முடியாது. கெடு முடிந்ததைப் பதிந்து, குற்றச்சாட்டுக் குறிப்பாணை தந்து விசாரணைக்குப் போவதே அடுத்த படி.