இருக்கிறது, உள்ளது, உண்டு: அறிவித்தலில் எதை எழுதுவது?

"நாளை மாலை 5 மணிக்குக் கூட்டம் உள்ளது. அனைவரும் வருக." இப்படியொரு வட்ஸ்அப் செய்தி திருகோணமலையில் யாருக்கும் புதிதில்லை. "கூட்டம் இருக்கு" என்று எழுதக்கூடாதா என்று கேட்டால், "அது பேச்சுத் தமிழ், எழுதும்போது உள்ளது என்றுதான் எழுத வேணும்" என்பார்கள். இந்த விதியை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. எழுதிய வாக்கியத்தில் இருக்கு, இருக்கிறது எது வந்தாலும் தேடித்தேடி உள்ளது என்று மாற்றுகிறார்கள். மாற்றியபின் என்ன பொருள் வருகிறது என்று பார்ப்பதில்லை.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளது என்பது "உள்" என்ற அடியிலிருந்து வந்தது. உண்டு என்பதும் அதே அடிதான், உள்ளோடு து சேர்ந்து உண்டு ஆயிற்று, கொள் கொண்டு ஆனதுபோல. "இரு" வேறு குடும்பம். அதன் பழைய பொருள் உட்காருவது, தங்குவது. இருக்கை என்ற சொல்லில் அது தெரிகிறது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை "இருங்கோ" என்றால் இன்றைக்கும் உட்காரச் சொல்வதுதான். சாவி மேசையில் கிடக்கு, கார் வாசலில் நிக்குது, அண்ணை கடையில நிக்கிறார் என்று கிட, நில் இரண்டையும்கூட இரு வர வேண்டிய இடத்தில் சாதாரணமாகப் போடுகிறோம். "இரு" மட்டம், "உள்" உயர்வு என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் கிடையாது. இரண்டும் சுத்தமான தமிழ். இருக்கு என்பது பேச்சு வடிவம் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதன் எழுத்து வடிவம் இருக்கிறது. உள்ளது வேறு சொல்.

வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது. இரு என்பது முழு வினை. இருந்தது, இருக்கிறது, இருக்கும் என்று மூன்று காலமும் காட்டும். உள்ளது காலம் காட்டாது. "கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன" என்றால் அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்தக் கிணறுகள் இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போகிற சாமான் இல்லை. ஆனால் நாளைக்கு நடக்கிற கூட்டத்துக்கு உள்ளது போட்டால் வாசிப்பவர்தான் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "நாளை வைத்தியர் உள்ளார்" என்ற செய்தியும் அப்படித்தான். எத்தனை மணிக்கு வருவார், எவ்வளவு நேரம் இருப்பார்? "நாளை மாலை 4 மணி முதல் 7 மணி வரை வைத்தியர் இருப்பார்" என்று எழுதினால் அந்த "இருப்பார்" பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இன்னொரு வினையோடு ஒட்டி வரும்போது ஆபத்து கூடுகிறது. "கூட்டம் நடைபெறவுள்ளது" என்றால் இனித்தான் நடக்கும். "கூட்டம் நடைபெற்றுள்ளது" என்றால் முடிந்துவிட்டது. நடுவில் உள்ள எழுத்துகளில்தான் எல்லாம். தொலைபேசியில் அவசரமாக வாசிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். "கூட்டம் நடக்கும்", "கூட்டம் நடந்தது" என்று எழுதினால் யாரும் தவறமாட்டார்கள், இடமும் மிச்சம்.

இனி உண்டு. நிலாவெளிக் கடற்கரையில் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிற ஒருவர் பலகை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "படகு இருக்கிறது" என்று எழுதினால் இப்போது கரையில் ஒரு படகு நிற்கிறது என்று பொருள். அதைப் பலகையில் எழுதி ஆணி அடிக்க முடியாது, படகு போய்விட்டால் பொய்யாகிவிடும். "படகு உள்ளது" என்றால் அவரிடம் படகு ஒன்று சொந்தமாக இருப்பதுபோலவும் கேட்கும், சேவை நடப்பதுபோலவும் கேட்கும். "புறாத்தீவுக்குப் படகு உண்டு" என்றால் சந்தேகமே இல்லை: கேட்டால் கிடைக்கும், இது இங்கே வழக்கமாக நடக்கிற வேலை. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அதன் கீழே "இன்று படகு இல்லை" என்று சோக்கட்டியால் எழுதிவிட்டால் போதும், மேலே உள்ள வரி பொய்யாவதில்லை. வழக்கத்தைச் சொல்வது உண்டு, அந்த நேரத்து நிலைமையைச் சொல்வது இருக்கிறது என்று இந்த இரண்டு வரியிலேயே வேறுபாடு தெரிகிறது.

உண்டுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. "அறைகள் வாடகைக்கு உள்ளது" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அறைகள் பன்மை, உள்ளது ஒருமை, எனவே பிழை. உள்ளன என்று எழுத வேண்டும். பேச்சில் இருக்கு என்பது ஒருமை பன்மை பார்ப்பதில்லை, அந்தப் பழக்கத்தோடு உள்ளதுவை எடுத்துப் போட்டால் இப்படித்தான் சறுக்கும். உயர்வாக எழுத வேண்டும் என்று சொல்லை மாற்றியவர்கள் அந்தச் சொல்லின் இலக்கணத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள். உண்டு இந்தச் சிக்கலுக்குள் வராது. வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொதுவென்று நன்னூலே விதி சொல்லியிருக்கிறது. அறை உண்டு, அறைகள் உண்டு, எப்படி எழுதினாலும் சரி. பேச்சிலும் இருக்கிறது, இலக்கணத்திலும் இருக்கிறது, எழுத்தும் குறைவு. ஆனாலும் ஏனோ இது "கடைத் தமிழ்" என்று ஒதுக்கப்படுகிறது.

எனக்கு அதைவிட எரிச்சல் தருவது "ஆகும்" என்ற சொல். "இன்று விடுமுறை ஆகும்", "நுழைவுக் கட்டணம் 100 ரூபாய் ஆகும்". ஆங்கில வாக்கியத்தின் நடுவில் நிற்கும் is என்ற சிறு சொல்லுக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிற மொழிபெயர்ப்பாளரின் கைவேலை. தமிழில் அந்த இடம் காலியாக இருப்பதுதான் இயல்பு: இன்று விடுமுறை, கட்டணம் 100 ரூபாய். ஆகும் சேர்த்தால் பொருள் குழம்பவும் செய்யும். அரை மணி நேரம் ஆகும், பேருந்துக்கு 100 ரூபாய் ஆகும் என்று செலவாவதைத்தானே நாம் சொல்கிறோம். 100 ரூபாய் "ஆகும்" என்ற பலகையை வாசித்த ஒருவர், மொத்தம் எவ்வளவு வரும் என்று உத்தேசமாகச் சொல்கிறார்கள் போல என்று நினைத்தால் அவரில் குற்றமில்லை. வரைவிலக்கணத்துக்கு ஆகும் சரிதான், பாடநூலில் இருக்கட்டும். மூன்று சொல் அறிவித்தலுக்கு அது சுமை.

எதிர்மறையாக்கிப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தெளிந்துவிடும். "அல்ல" வந்தால் அடியில் இருப்பது "ஆகும்", அதை எழுதாமல் விடலாம். "இல்லை" வந்தால் இருக்கிறது, உள்ளது, உண்டு மூன்றில் ஒன்று. "இது பொது வழி அல்ல" என்றால் வழி இருக்கிறது, ஆனால் பொதுவானதில்லை. "பொது வழி இல்லை" என்றால் பொது வழி என்று ஒன்றே கிடையாது. தனியார் வளவு வாசல் ஒன்றில் இரண்டாவதை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி யாரும் திரும்பிப் போவதாகத் தெரியவில்லை.

தொடக்கத்தில் வந்த செய்திக்கு நான் போடுவது இவ்வளவுதான்: "நாளை மாலை 5 மணிக்குக் கூட்டம். எல்லோரும் வாருங்கள்." பெரிய கந்தோர்க் கடிதத்தில் "விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று வருவதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே இணைத்து முடிந்த நிலை அப்படியே நிற்கிறது, உள்ளது சரியாகவே பொருந்துகிறது.