பென் டிரைவைக் கழற்றினால் ஓடுகிற கணினிக்கு விண்டோஸ் அடிக்காதீர்கள்

“வைரஸ் ஏறிட்டு, விண்டோஸ் அடிச்சுத் தாங்க” என்று மேசைக்கு வந்த கணினிகளில் இன்னுமொன்று. கல்முனையில் போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்கிற ஒரு கடையினுடையது. சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் வராமல் பாதியிலேயே நின்றது. பின்பக்கம் செருகியிருந்த பென் டிரைவைக் கழற்றியதும் டெஸ்க்டொப் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் இரண்டு தடவை விண்டோஸ் அடித்தாயிற்று. டெஸ்க்டொப்பில் கிடந்த விண்ணப்பப் படிவங்கள், வாடிக்கையாளரின் கோப்புகள் எல்லாம் அத்தோடு போயின.

இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழும்புவது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கிற பயோஸ். அது ராமைப் பார்க்கும், கீபோர்டைப் பார்க்கும், யூ.எஸ்.பி.யில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்க்கும். அதன் பிறகுதான் விண்டோஸை எங்கிருந்து எடுப்பது என்று தேடும். அந்தத் தேடலிலேயே கணினி நின்றுவிட்டால், ஹார்ட் டிஸ்கில் இருக்கிற விண்டோஸை இன்னும் யாரும் தொடவே இல்லை. தொடாத ஒன்றை அழித்துத் திரும்ப அடித்து என்ன பயன்? விண்டோஸுக்குள் இருக்கிற வைரஸும் அந்த நேரத்தில் தூக்கத்தில்தான் இருக்கும்.

எங்கே நிற்கிறது என்று திரையே சொல்லும். கம்பெனி லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுழன்றால் விண்டோஸ் தொடங்கிவிட்டது, அது வேறு கதை. லோகோ மட்டும் அசையாமல் நின்றாலோ, கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மின்னிக்கொண்டிருந்தாலோ, முதலில் செருகியிருப்பதைக் கழற்றுங்கள்.

அந்தக் கடையில் நடந்தது இதுதான். பென் டிரைவின் முதல் 512 பைட்டில், கடைசி இரண்டு பைட்டும் 55 AA என்று முடிந்தால், பழைய முறையில் பூட் ஆகும் கணினி ‘இதில் தொடங்கலாம்’ என்று நம்பி உள்ளே போய்விடும். அதில் விண்டோஸ் இருக்க வேண்டுமென்றில்லை. எப்போதோ விண்டோஸ் அடிக்கப் பயன்படுத்திய பென் டிரைவாக இருந்தால் போதும். குயிக் போர்மட் பெரும்பாலும் அந்த முதல் பகுதியைத் தொடுவதில்லை. உள்ளே போன கணினி திரும்பி வராமல், கறுப்புத் திரையில் கோடு மின்ன அப்படியே நிற்கும்.

‘நேற்று வரைக்கும் இதே பென் டிரைவோடு ஓடிச்சே’ என்று கேட்பார்கள். விடை மதர்போர்டில் இருக்கிற CR2032 பட்டரியில். இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் போகிறோம் அல்லவா? விடியும் வரை பயோஸ் செட்டிங்கைக் காப்பாற்றுவது அந்த 3 வோல்ட் பட்டரி மட்டும்தான். அது செத்தால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். சில போர்டுகளில் ஆரம்ப நிலையில் யூ.எஸ்.பி.தான் முதலாவது. காலையில் திகதியும் நேரமும் பல வருடம் பின்னால் காட்டினால் பட்டரியை மாற்றுங்கள். செலவு சொற்பம்.

பட்டரி மாற்றியபின், கணினியைப் போட்டவுடன் Del அல்லது F2 தட்டி (சில மாடல்களில் F10) பயோஸுக்குள் போங்கள். Boot பகுதியில் Boot Option #1 இல் ஹார்ட் டிஸ்க் அல்லது Windows Boot Manager இருக்க வேண்டும். சேமித்து வெளியே வாருங்கள்.

பிரிண்டர் செருகியிருந்தால் கணினி தொடங்காமல் நிற்பதும் இதே கதைதான், மை தீர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெமரி கார்ட் செருகும் வாய் உள்ள ஸ்கேனர்-பிரிண்டர்கள் பயோஸின் கண்ணுக்கு ஒரு டிஸ்க் மாதிரித் தெரியும். கார்ட் இல்லாத அந்த வாயிடம் பயோஸ் கேட்கும், பதில் வரும் வரை காத்திருக்கும். ஒரே மல்டிபிளக்கில் கணினியையும் பிரிண்டரையும் ஒன்றாகப் போட்டால் இன்னும் மோசம், பிரிண்டர் தானே எழும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேள்வி போய்ச் சேரும். டெஸ்க்டொப் வந்த பிறகு பிரிண்டரைப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. யாரோ சொன்னார் என்று பயோஸில் USB Legacy Support ஐ நிறுத்திவிடாதீர்கள். சில போர்டுகளில் யூ.எஸ்.பி. கீபோர்டும் அத்தோடு செத்துவிடும், பிறகு அந்தக் கீபோர்டால் பயோஸுக்குள் திரும்பிப் போக முடியாது.

கழற்றிய பென் டிரைவை வேறு துளையில் செருகி மறுபடி போட்டுப் பாருங்கள். அங்கே பிரச்சினை இல்லை, பழைய துளையில் எதைச் செருகினாலும் நிற்கிறது என்றால், துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கம்பி வளைந்து ஒன்றையொன்று தொட்டால் ஷோர்ட் ஆகும். அந்தத் துளையை டேப் ஒட்டி மூடிவிட்டுக் கொண்டுவாருங்கள்.